பிரெஞ்சுப் பேச்சில் பெங், பா, ஆங்ஃபெங், குவா: எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது

பிரெஞ்சில் இரண்டாம் நிலையைத் தாண்டி, இறந்தகாலம் எதிர்காலமெல்லாம் ஓரளவு பேச வருகிறது, ஆனாலும் பேச்சு பாடப்புத்தகம் வாசிப்பது போலவே இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாரிஸில் நம்மவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். இந்தச் சின்னச் சொற்களின் பொருளை எல்லோரும் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். வாக்கியத்தில் அவை நிற்கும் இடம்தான் பிடிபடுவதில்லை. அதனால் படிகளைக் கீழே உள்ள வரிசையில் எடுங்கள். முதலில் ஒலி, பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம், கடைசியில்தான் எல்லாவற்றையும் கலப்பது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, யோசிக்காமல் சொல்ல வருகிற பத்துப் பதினைந்து வாக்கியங்கள். எங்கே வேலை, எந்த ஊர், நேற்று என்ன செய்தேன், ஏன் தாமதம் என்ற அளவில் போதும். வாக்கியமே தடுமாறும்போது நடுவில் செருகும் சொல் தடுமாற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

இரண்டாவது, எதிரில் இருப்பவரை 'த்யூ' என்கிறீர்களா 'வூ' என்கிறீர்களா என்ற தெளிவு. நம் நீ, நீங்கள் போலத்தான். இந்த நான்கு சொற்களில் 'வூ' போட்டுப் பேசும் இடத்தில் தாராளமாக வரக்கூடியது ஒன்று, அளந்து வர வேண்டியது ஒன்று, பெரும்பாலும் வேண்டாதவை இரண்டு.

மூன்றாவது, கேட்பதற்கு நல்ல பேச்சு. தொலைக்காட்சித் தொடரின் வசனவரியை நம்பாதீர்கள். வசனவரி எழுதுபவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் தூக்குவது இந்தச் சொற்களைத்தான். காதில் 'பெங்' விழும், திரையில் இருக்காது. வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகள் நல்லவை. பிரான்ஸ் எங்தெர் வானொலியில் கிடைக்கும். அறிவிப்பாளரை விட்டுவிட்டு, கூப்பிட்ட நேயரைக் கவனியுங்கள். எழுத்துவடிவம் கிடைக்கிற நேர்காணலாக இருந்தால் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடலாம்:

```
ben
bah
enfin
quoi
```

2. ஒலியைச் சரிசெய்தல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தவறான ஒலியில் சொன்ன 'பெங்' கேட்பவர் காதில் ஒரு பெயர்ச்சொல் போல விழும். அவர் ஒரு நொடி நின்று "என்ன சொன்னீர்கள்?" என்பார். சேர்த்த சொல்லின் நோக்கமே அங்கே போய்விட்டது.

'பெங்' என்று நான் எழுதினாலும் கடைசியில் 'ங்' கிடையாது. நாக்கு எங்கும் ஒட்டாது, உயிரொலி மூக்கு வழியாகப் போகும், அவ்வளவுதான். இது நமக்குப் புதிதல்ல. 'வந்தேன்' என்பதை வீட்டில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' ஒலிப்பதில்லை, 'தே' மூக்கில் கரைகிறது. அந்த முடிவுதான் 'பெங்' உடைய உயிரொலி. அதே போல 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் வருவதுதான் 'நல்லது', 'சரி' என்று பொருள்படும் 'போங்' என்பதில் வருவது. எழுத்தைப் பார்த்து 'பென்' என்று நாக்கை மேலே ஒட்டுபவர்கள் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் சொல்லிவிட்டு உடனே பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாவட்டும்.

'பா' குறுகியது, வாய் திறந்தபடியே வெட்டி நிற்கும். நீட்டினால் பொருள் மாறும், அதை ஐந்தாவது படியில் பார்ப்போம். 'குவா' ஒரே அசை. கு, வா என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது. 'ஆங்ஃபெங்' வேகமான பேச்சில் முன்பாதியை இழந்து வெறும் 'ஃபெங்' ஆகிவிடும். முழு வடிவத்தை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் பாதிக்கு மேல் காதில் விழாமலே போகும்.

3. நடுவில் நிற்க ஒரு ஒலி: 'எ…'

நான்கு சொற்களுக்குப் போகும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். சொல் கிடைக்காமல் திணறும் நேரத்தில் பிரெஞ்சுக்காரர் எழுப்பும் ஒலி, உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்வது போன்றது. நான் 'எ…' என்று எழுதுகிறேன். நாம் அந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று வாயை மூடுகிறோம், அல்லது ஆங்கிலம் படித்த பழக்கத்தில் 'அம்ம்' என்கிறோம். பிரெஞ்சு 'எ…' வாய் மூடாமல் முடியும். அடுத்த சொல் வரும்வரை அப்படியே நீளும்.

இது ஏன் முதலில் என்றால், வாக்கியத்தின் நடுப்பகுதி இந்த ஒலிக்குச் சொந்தம். தமிழில் 'வந்து' எங்கே வேண்டுமானாலும் நுழையும்: "நான் வந்து நேத்து வந்து அவங்க வீட்டுக்கு வந்து போனேன்." இந்தப் பழக்கத்தோடு 'பெங்' கற்றுக்கொள்பவர் அதையும் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் போடுகிறார். 'ஜெ பெங் சுவி' என்று எந்தப் பிரெஞ்சுக்காரர் வாயிலும் வராது. நடுவில் நிற்க 'எ…' கையில் இருந்தால் 'பெங்' தன் இடத்தை விட்டு நகராது.

4. 'பெங்': பதிலின் தொடக்கத்தில்

இடம்: நீங்கள் பேச வாயைத் திறக்கும் இடம். வேலை: "நீ கேட்ட மாதிரி நேராகப் பதில் வராது, கொஞ்சம் சுற்றித்தான் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

நண்பர் இன்று மாலை வருகிறாயா என்று கேட்கிறார். வருகிறேன் என்றால் 'உவி' என்பது போதும். வேலை கிடக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் "பெங், ஜெ சே பா…" என்று தொடங்குவீர்கள். "அது வந்து, தெரியல…" என்ற அதே தொனி. 'பெங்' காதில் விழுந்ததுமே நண்பருக்கு விஷயம் புரிந்துவிடும், மீதி விளக்கம்தான்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். மருந்துக்கடையில் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கேட்டு "கார்த் வித்தால் இருக்கிறதா?" என்கிறார்கள். இயல்பாகப் பேச வேண்டும் என்ற ஆசையில் "பெங் உவி" என்கிறார் நம்மவர். அவர் சொல்ல நினைத்தது 'ஆமாம்'. கடைக்காரருக்குக் கேட்டது "ஆமா, பின்ன இல்லாமலா?" தனியாக வரும் 'பெங்' தயக்கம். 'உவி', 'நோங்' இரண்டோடு ஒட்டிக்கொண்டால் அது "இதுகூடத் தெரியாதா" என்ற தெளிவு. நேர்க்கேள்விக்கு நேர்ப்பதில் இருக்கும்போது முன்னால் எதுவும் போடாதீர்கள்.

'ஆ' சேர்ந்தால் மறுபடி தொனி மாறும். காபி வேண்டுமா என்று கேட்டவரிடம் "ஆ பெங் உவி, வொலோங்தியே" என்றால், எதிர்பார்க்கவில்லை, சந்தோஷம், வாங்கிக்கொள்கிறேன் என்ற மலர்ச்சி இருக்கும். மூன்று சின்ன ஒலிகள்தான், மருந்துக்கடைப் பதிலுக்கும் இதற்கும் வேறுபாடு முதல் ஒலியிலேயே இருக்கிறது.

இன்னொரு சேர்க்கையை வந்த முதல் வாரமே கற்றுக்கொள்ளலாம்: "போங் பெங்…" பேச்சை முடித்துக் கிளம்பும் அறிவிப்பு. "போங் பெங், ஜீ வே" என்றால் "சரி அப்ப, நான் கிளம்புறேன்". எதிரில் இருப்பவர் 'போங் பெங்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினாலும் அவர் புறப்படுகிறார் என்றுதான் அர்த்தம். இதைக் கவனிக்காமல் புதிய கதை தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், எதிரில் நிற்பவர் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

'பெங்' 'வூ' போட்டுப் பேசும் இடத்திலும் செல்லும். மருத்துவரிடம், அண்டை வீட்டு முதியவரிடம், பிள்ளையின் ஆசிரியரிடம் பேசும்போது ஓரிரண்டு 'பெங்' வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5. 'பா': 'பெங்' அருகிலேயே, ஆனால் கூர்மையாக

இன்றைய பேச்சில், குறிப்பாக இளைஞர்களிடம், 'பா' பெரும்பாலும் 'பெங்' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கேட்டால் புரிய வேண்டும், அது போதும். பேச நீங்கள் 'பெங்' ஒன்றையே வைத்துக்கொள்ளலாம்.

'பா'வுக்கே உரிய இரண்டு பயன்கள் மட்டும் தெரிந்திருக்கட்டும். ஒன்று, பொருட்படுத்தாமல் தள்ளிவிடுவது: "பா, சே பா க்ராவ்", அதாவது "அட விடு, பரவாயில்லை". இதில் முதல் 'பா'தான் நம் சொல், நடுவில் வருவது 'இல்லை' என்னும் pas. யாராவது உங்கள் கோப்பையைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கும்போது இது அழகாகப் பொருந்தும். மற்றது, நீட்டிச் சொல்லும் 'பாஆஆ…'. கண்ணை மேலே உருட்டி, என்ன சொல்வது என்று தேடும்போது வருவது.

'பா உவி' மட்டும் எச்சரிக்கையோடு. 'பெங் உவி'யில் இருக்கும் "தெரிந்ததுதானே" இதில் இன்னும் பச்சையாகக் கேட்கும். நண்பர்களுக்குள் அது சிரிப்பு. மேலதிகாரியிடம் அது திமிர்.

6. 'ஆங்ஃபெங்': சொன்னதைத் திருத்திக்கொள்ள

பாடப்புத்தகம் இதற்கு 'கடைசியாக' என்று பொருள் சொல்லி விட்டுவிடுகிறது. பட்டியலின் முடிவில் எழுத்தில் அப்படி வரும். பேச்சில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் வேறு: சொன்னதைச் சற்றுத் தட்டித் திருத்துவது. நம் 'அதாவது', 'இல்ல…' செய்யும் வேலை.

"இல் அபித் ஆ பாரீ, ஆங்ஃபெங், ஆ செங் தெனீ." அவர் இருப்பது பாரிஸில், அதாவது, செங் தெனீயில். செங் தெனீ பாரிஸை ஒட்டிய ஊர், இரண்டும் ஒன்றல்ல, ஆனால் முதலில் சொன்னதைப் பொய் என்று தூக்கிப் போடவும் இல்லை. இந்த நளினம்தான் இதன் பயன். "இல்லை, மன்னிக்கவும், தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று வாக்கியத்தை நிறுத்தித் தலைகீழாக்க வேண்டியதில்லை.

படிப்பவருக்கு நான்கிலும் மிக உதவுவது இதுதான் என்பது என் எண்ணம். நீங்கள் எப்படியும் தவறு செய்யப்போகிறீர்கள். மருத்துவர் எப்போதிலிருந்து வலி என்று கேட்கிறார். "தெப்யூய் லெங்தி…" என்று திங்கட்கிழமையைச் சொன்ன பிறகு ஞாயிறு இரவே வலித்தது நினைவுக்கு வருகிறது. "…ஆங்ஃபெங், திமாங்ஷ் சுவார்." திருத்தியாயிற்று, பேச்சும் நிற்கவில்லை. மருத்துவரிடம் 'வூ' போட்டுப் பேசும்போதும் இதற்குத் தடையே இல்லை, தாராளமாக வரலாம்.

விதி ஒன்று: 'ஆங்ஃபெங்'குக்குப் பின்னால் திருத்தம் வந்தே ஆக வேண்டும். நேரம் கடத்துவதற்காக மட்டும் போட்டால் கேட்பவர் திருத்தத்துக்காகக் காத்திருப்பார், வராது. நேரம் கடத்த 'எ…' இருக்கிறது.

தொனியையும் கவனியுங்கள். திருத்தும் 'ஆங்ஃபெங்' தாழ்வாக, சமமாக, வேகமாகப் போகும். அதையே உயர்த்தித் தனியாகச் சொன்னால் "அப்பாடா, வந்துவிட்டது!" என்ற நிம்மதி, ரயில் நாற்பது நிமிடம் கழித்து வரும்போது நடைமேடையில் கேட்பது. முன்னால் 'மே' சேர்த்து "மே ஆங்ஃபெங்!" என்றால் கண்டிப்பு: "என்ன இது!" பிள்ளையிடம் சொல்வது, அதிகாரியிடம் அல்ல. கதை நீண்டுவிட்டது என்று தோன்றும்போது "ஆங்ஃபெங் ப்ரெஃப்" என்றால் "சரி, சுருக்கமா சொன்னா" என்று விஷயத்துக்குத் திரும்பலாம்.

7. 'குவா': வாக்கியத்தின் வாலில்

இதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், இதுதான் எல்லோருக்கும் முதலில் பிடித்துப்போவது, முதலில் கெட்டுப்போவதும்.

இடம்: ஒரு கருத்து முடிந்த பிறகு, அதன் வாலில். வேலை: "இவ்வளவுதான் சொல்ல வந்தது, புரிஞ்சுதில்ல" என்று மூடி வைப்பது. புதிதாகத் திறந்த உணவகம் எப்படி என்று கேட்கிறார்கள். பெரிய இடம் இல்லை என்று விளக்கிவிட்டு "சே த்யூன் காங்தீன், குவா" என்கிறீர்கள். நம் வழக்கில், "மெஸ் மாதிரி, அவ்வளவுதான்." பொருத்தமான சொல் கிடைத்துவிட்டது, இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்பது அந்த 'குவா'. எனவே அது முத்தாய்ப்பான சொல்லுக்குப் பின்னால் வரும், விளக்கத்தின் நடுவில் வராது.

ஒலிக்கும் முறை முக்கியம். முன்சொல்லில் அழுத்தம் விழுந்து முடிந்துவிடும். 'குவா' இடைவெளி விடாமல், தாழ்ந்த குரலில், ஒட்டிக்கொண்டு போகும். எழுத்தில் காற்புள்ளி இருக்கிறதே என்று அங்கே நிறுத்தினால், குரலையும் உயர்த்தினால், "என்ன?" என்ற கேள்வி ஆகிவிடும். கேட்பவர் தான் ஏதோ சொன்னதாக நினைத்துக் குழம்புவார். ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் இடத்துக்கு வேறு சொல் இருக்கிறது: 'எங்?'. "சே போங், எங்?" என்பது "நல்லா இருக்குல்ல?". அது மேலே ஏறும், 'குவா' கீழே இறங்கும்.

தமிழர்களிடம் நான் காணும் குறிப்பான பிழை, ஒவ்வொரு சொற்றொடருக்கும் பின்னால் 'குவா' ஒட்டுவது. 'தானே', 'ல', 'ப்பா' எல்லாம் சொல்லின் பின்னால் ஒட்டியே பழகிய வாய். ஒரு பதிலுக்கு ஒரு 'குவா' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்களிலேயே இதை அடிக்கடி சொல்பவர்களைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பதுண்டு, பெரியவர்களும் ஆசிரியர்களும் குறிப்பாக.

கேள்வி வாக்கியத்தின் பின்னாலும் வேண்டாம். "த்யூ வியெங் ஊ குவா?" என்று நண்பர்கள் சொல்வது இதல்ல, அது "வர்றியா, என்னதான் பண்ற?" என்ற பொறுமையின்மை. காது கேட்காதபோது தனியாக "குவா?" என்று கேட்பது இன்னொரு கதை. மூத்தவரிடமோ அலுவலகத்திலோ அது மரியாதைக்குறைவு. 'பார்தோங்?' அல்லது 'கொமாங்?' என்று கேளுங்கள்.

8. ஒரு பதிலை முழுதாகக் கட்டிப் பார்ப்போம்

பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் தோழி படிக்கட்டில் பார்த்துக் கேட்கிறாள், வீடு மாற்றும் வேலை எப்படிப் போகிறது என்று. முதலில் வெறும் வாக்கியங்கள்: நடக்கிறது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டாயிற்று. சமையலறை மீதி. நேரம் எடுக்கிறது. இலக்கணம் சரி, ஆனால் அறிக்கை வாசிப்பது போல இருக்கிறது. இப்போது இடம் பார்த்து வைக்கிறோம்:

"பெங், சா அவாங்ஸ். ஓன் ஆ தூ மீ தாங் லே கார்த்தோங், ஃபெங், ப்ரெஸ்க் தூ. இல் ரெஸ்த் எ… லா க்விஸீன். சே லோங், குவா."

"அது வந்து, போயிட்டிருக்கு. எல்லாத்தையும் பெட்டியில போட்டாச்சு, அதாவது, கிட்டத்தட்ட எல்லாத்தையும். இன்னும்… சமையலறை இருக்கு. இழுக்குது, அவ்வளவுதான்."

தொடக்கத்தில் 'பெங்', ஏனென்றால் பதில் "நன்றாக" என்றும் இல்லை "மோசம்" என்றும் இல்லை. 'எல்லாம்' என்பது மிகையாகப் போனதால் அங்கே 'ஃபெங்', பின்னாலேயே திருத்தம். சமையலறை என்ற சொல்லைத் தேடிய இடத்தில் 'எ…'. முழுப் பதிலையும் ஒரே சொல்லில் மூடும் 'லோங்' வந்ததும் 'குவா'. பிறகு கிளம்ப, "போங் பெங், ஜெ தெ லேஸ்".

சோதிக்க ஒரு வழி உண்டு. நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் வாக்கியத்தின் தொனியில் ஏதோ குறைந்தால் அது தன் இடத்தில் இருக்கிறது. குறையவில்லை என்றால் அது வெறும் பாரம், எடுத்தபடியே விடுங்கள். "பெங் எ… பா சா அவாங்ஸ் குவா ஆங்ஃபெங் குவா" என்று அடுக்குபவர்களின் பதிலில் எதை எடுத்தாலும் எதுவும் குறையாது.

9. எங்கே அடக்கி வாசிப்பது

வேலை நேர்காணலில் 'எ…' தவிர்க்க முடியாதது, ஒன்றும் ஆகாது. 'ஆங்ஃபெங்' திருத்தத்துக்கு வரலாம். பதிலைத் தொடங்க 'பெங்'குக்குப் பதில் 'அலோர்' வையுங்கள். அதே நேரத்தை வாங்கித்தரும், நிமிர்ந்தும் கேட்கும். 'பா', 'குவா' இரண்டும் வாசலிலேயே நிற்கட்டும்.

தெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் வாய்மொழித் தேர்வில் பகுதிக்குப் பகுதி மாறும். பே-எங், அதாவது B1 நிலையில் தேர்வாளரோடு ஒரு சூழலை நடிக்கும் பகுதியில், அவர் உங்கள் நண்பராக நடித்தால், 'பெங்' இயல்பானது. பத்து நிமிடத் தயாரிப்புக்குப் பிறகு கருத்துச் சொல்லும் மூன்றாம் பகுதியில் அதே 'பெங்' தயாராகாதவர் போலக் காட்டும்.

எழுத்தில், நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தி தவிர, எங்கும் வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் 'ஆங்ஃபெங்' வந்தால் அது பட்டியலின் கடைசி அம்சம் என்றுதான் வாசிப்பார்கள்.

10. பழகும் முறை

ஒரு வாரத்துக்கு ஒரு சொல். முதல் வாரம் 'எ…' மட்டும், 'ம்ம்' ஒழியும் வரை. பிறகு 'ஆங்ஃபெங்', அதன் பின் 'பெங்', கடைசியில் 'குவா'. ஒன்று தானாக வராமல் அடுத்ததை எடுத்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும்.

'ஆங்ஃபெங்' பழக வேண்டுமென்றே தவறாகத் தொடங்குங்கள். கைப்பேசியில் பதிவை ஓட விட்டு, நேற்றைய நாளைச் சொல்லுங்கள்; நேரம், இடம், ஆள் என்று மூன்று இடத்தில் தவறாகச் சொல்லித் திருத்துங்கள். 'பெங்' பழக, கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். பாதிக் கேள்விகள் நேர்ப்பதில் உள்ளவை, மீதி சுற்றிவரும் பதில் உள்ளவை என்று கலந்து கேட்கச் சொல்லுங்கள். நேர்க்கேள்விக்கு 'பெங்' வாயில் வந்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும்.

பதிவைத் திரும்பக் கேட்கும்போது இலக்கணத்தைத் தேடாதீர்கள். 'பெங்' எங்காவது வாக்கிய நடுவில் நிற்கிறதா, 'ஆங்ஃபெங்' பின்னால் திருத்தம் இருக்கிறதா, 'குவா' மேலே ஏறுகிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். 'குவா' ஏறினால், அதை எடுத்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை சொல்லுங்கள், முடிவில் குரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதற்கும் ஒரு படி கீழே 'குவா'வை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள்.